எரியும் எண்ணெய்ச் சட்டியில் நீர் ஊற்றினால் என்ன நடக்கிறது?

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார வீடுகளில் முறுக்கு அச்சுகள் பரணிலிருந்து இறங்கும் அதே நேரத்தில், கைபேசிகளில் ஒரு வகைக் காணொளியும் சுற்றத் தொடங்கிவிடுகிறது. எரிந்துகொண்டிருக்கும் எண்ணெய்ச் சட்டியில், நீளமான கம்பின் நுனியில் கட்டிய டம்ளரால் நீர் ஊற்றுகிறார்கள். அடுத்த நொடியே ஆளுயரத்துக்கு மேல் தீப்பந்து எழுகிறது. பார்ப்பவர்களில் ஒரு சாரார், டம்ளரில் பெட்ரோல் இருந்திருக்கும் என்கிறார்கள். தீயணைப்புத் துறையினரின் செயல்விளக்கத்தில் எரியும் சிலிண்டர் மீது ஈரச் சாக்கைப் போட்டு அணைத்ததைப் பார்த்தவர்கள், அங்கே உதவிய நீர் இங்கே மட்டும் ஏன் கெடுதல் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். டம்ளரில் இருப்பது வெறும் நீர்தான். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்ல, எண்ணெய் எப்போது, ஏன் தீப்பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணெய் தீப்பிடிக்கும் வரை

அடுப்பில் இருக்கும் எண்ணெயில் எரிவது திரவம் அன்று. திரவத்தின் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் ஆவியே எரிகிறது. ஆகையால் எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆபத்தும் அமைகிறது. மூன்று கட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

1. பொரிக்கும் சூடு. வடை, முறுக்கு, போண்டா ஆகியவை ஏறத்தாழ 170 முதல் 190 டிகிரி செல்சியசில் வேகின்றன. இந்தச் சூட்டில் தீக்குச்சியைக் காட்டினாலும் எண்ணெயின் மேற்பரப்பு பற்றிக்கொள்ளாது.

2. புகையும் சூடு. சுத்திகரித்த கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் 230 டிகிரியை ஒட்டிப் புகையத் தொடங்கும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் அதைவிட வெகு முன்பாகவே, 160 டிகிரி அளவிலேயே புகையக்கூடும். பலமுறை பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயும் சீக்கிரமே புகையும். முதலில் மெல்லிய நீலப் புகை, கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் காரநெடி. பிறகு அடர்ந்த புகை. எச்சரிக்கை என்று எண்ணெய் தருவது இவ்வளவுதான்.

3. பற்றும் சூடு. 320 டிகிரியை ஒட்டிய நிலையில் ஆவி போதிய அளவு கிளம்பிவிடுவதால், சட்டியின் ஓரத்தில் நாக்கு நீட்டும் அடுப்புச் சுடரே அதைப் பற்றவைத்துவிடும். இன்னும் ஏறி 360, 370 டிகிரியைக் கடந்தால் சுடரே தேவையில்லை. காற்றுப் பட்டதுமே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். எண்ணெயின் வகையையும் பழமையையும் பொறுத்து இந்த எண்கள் சற்று முன்பின் ஆகும்.

பொரிக்கும் சூட்டுக்கும் பற்றும் சூட்டுக்கும் இடையில் ஏறக்குறைய 150 டிகிரி இடைவெளி இருக்கிறது. அப்படியிருந்தும் விபத்து நேர்வது எப்படி? மாவில் இருக்கும் ஈரம்தான் இதுவரை எண்ணெயைக் கட்டுக்குள் வைத்திருந்தது என்பது பலரும் கவனிக்காத செய்தி. முறுக்கைப் பிழிந்ததும் எழும் சலசலப்பு, மாவிலிருந்த நீர் ஆவியாகி வெளியேறும் ஓசையாகும். அப்படி ஆவியாகும் நீர், எண்ணெயின் சூட்டைத் தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. கடைசி ஈட்டை எடுத்துவிட்ட பிறகு உறிஞ்சுவதற்கு எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, ஒரு லிட்டராக இருந்த எண்ணெய் முறுக்கோடு குறைந்து அரை லிட்டராகியிருக்கும். குறைந்த எண்ணெய், அதே தணல், தடுக்க எதுவுமில்லாத சூடு என்ற நிலையில், அடுப்பை அணைக்காமல் வாசலுக்குப் போனவர் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் எண்ணெய் பற்றியிருக்கும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடிக்கும் ஆபத்து பொரிக்கும்போது இருப்பதைவிடப் பொரித்து முடித்த பின்னர் கூடுகிறது.

நீர் விழுந்ததும் நடப்பவை

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டுச் சமையலறையைக் கற்பனை செய்துகொள்வோம். வாய் அகலம் 30 சென்டிமீட்டர் உள்ள வடைச்சட்டியில் அரை லிட்டர் எண்ணெய் எரிகிறது; அதன் சூடு 370 டிகிரி. பதற்றத்தில் ஒருவர் ஒரு டம்ளர் நீரை, அதாவது 200 மில்லிலிட்டரை, அதில் வீசுகிறார்.

முதலில் நீர் மூழ்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் 910, 920 கிராம்தான். குழம்பில் எண்ணெய் மேலே மிதப்பதற்கும் இதுவே காரணம். எனவே ஊற்றிய நீர் தீயின் மேல் போர்வையாகப் பரவாமல், எரியும் மேற்பரப்பைத் துளைத்து அடியில் இறங்குகிறது.

அடுத்து, அந்த நீர் ஆவியாகிறது. நீரின் கொதிநிலை 100 டிகிரி. ஓசூர் போன்ற மேட்டு ஊர்களில் அதிலும் இரண்டு மூன்று டிகிரி குறைவு. 370 டிகிரி எண்ணெய்க்குள் சிக்கிய நீர், சோற்றுப் பானையில் போல மெதுவாகக் கொதித்துக்கொண்டிருக்க முடியாது. கண் இமைப்பதற்குள் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். கையிலிருந்த ஒரு டம்ளர் நீர் 340 லிட்டர் நீராவியாகிறது. வீட்டுக்குப் பின்புறம் தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லிட்டர் பேரல் ஒன்றே முக்கால் அளவு. எண்ணெயின் சூட்டுக்கே அந்த ஆவியும் ஏறினால் பருமன் இன்னும் கூடும். இவ்வளவும் சட்டியின் அடியிலிருந்து மேல்நோக்கித்தான் வெளியேற வேண்டும்; வெளியேறும் வழியில் இருப்பது எரியும் எண்ணெய்.

கடைசியாக, அந்த எண்ணெய் தூளாகிறது. நீராவி எண்ணெயைக் கட்டியாகத் தள்ளாமல், நுண்துளிகளாகச் சிதறடித்து வீசுகிறது. இதன் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். சட்டியில் எரிந்துகொண்டிருந்த எண்ணெயின் பரப்பு அதிகம் போனால் 700 சதுர சென்டிமீட்டர், விரித்த செய்தித்தாளில் பாதிகூட இல்லை. அரை லிட்டரில் வெறும் 100 மில்லிலிட்டர் மட்டும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துளிகளாகச் சிதறியதாகக் கொண்டால், அந்தத் துளிகள் அனைத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர். காற்றோடு உறவாடும் பரப்பு எண்பது மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. சட்டியில் இருந்தவரை மேற்பரப்பு மட்டுமே எரிந்தது, அடியிலிருந்த எண்ணெய் காற்றுக்காகக் காத்திருந்தது. இப்போது ஒவ்வொரு துளியையும் சுற்றிக் காற்று இருக்கிறது. ஒவ்வொன்றும் தானாகப் பற்றும் சூட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நிதானமாக எரிந்து தீர வேண்டிய எண்ணெய் ஒரே நொடியில் எரிகிறது. அதுதான் காணொளியில் தெரியும் தீப்பந்து. உயரம் குறைந்த ஓட்டு வீட்டிலோ, தகர ஷீட் போட்ட சமையலறையிலோ அந்தத் தீப்பந்து கூரையில் மோதிப் பக்கவாட்டில் விரிந்து, நின்றிருப்பவரின் முகத்துக்கே திரும்புகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம்: ஒரு டம்ளர் நீர் போதாமல்தான் இப்படி ஆயிற்றா, ஒரு குடம் ஊற்றினால் அணையுமா? விடை எதிர்பாராதது. அரை லிட்டர் எண்ணெயை 370 டிகிரியிலிருந்து 320 டிகிரிக்கு இறக்கத் தேவையான குளிர்ச்சி, அந்த ஒரு டம்ளரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். நீரின் குளிர்விக்கும் ஆற்றலில் குறையே இல்லை; அது வேலை செய்யும் இடமும் வேகமும்தான் தவறு. உணவு ஆலைகளில் பெரிய எண்ணெய்க் கொப்பரைகளுக்கு மேலே, பனிபோல மிக நுண்ணிய நீர்த்தூவலைத் தரும் தீயணைப்பு அமைப்புகள் உண்டு. அந்தத் துளிகள் எண்ணெய்க்குள் மூழ்குமுன் சுடரிலேயே ஆவியாகிவிடுவதால் அங்கே நீரே தீயை அணைக்கிறது. செம்பாலும் குடத்தாலும் குழாயாலும் அதைச் செய்ய முடியாது. குடத்து நீர், எண்ணெயைச் சிதறடிப்பதோடு, மிச்சத்தை வழியவைத்து மேடை, தரை, கால் வரை எரியும் எண்ணெயைக் கொண்டுசெல்லும்.

சிலிண்டரும் ஈரச் சாக்கும் பற்றிய கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சிலிண்டரின் வாயில் எரிவது வாயு. நீர் மூழ்கி அடியில் சிக்குவதற்கு அங்கே சூடான திரவம் எதுவும் திறந்து கிடக்கவில்லை. சாக்கு காற்றைத் தடுக்கிறது, அதன் ஈரம் சாக்கு எரியாமல் காக்கிறது. அதே சாக்கை நீர் சொட்டச் சொட்ட எண்ணெய்ச் சட்டியின் மேல் போட்டால், சொட்டும் ஒவ்வொரு துளியும் மேலே சொன்ன கதையைச் சிறிய அளவில் நடத்திக்காட்டும்.

செய்ய வேண்டியவை, வரிசையாக

எரிவதற்குச் சூடு, ஆவி, காற்று மூன்றும் வேண்டும். எண்ணெயை உடனே குளிர்விக்க வீட்டில் வழியில்லை, எண்ணெயைச் சட்டியிலிருந்து அகற்றவும் வழியில்லை. நம் கைக்கு எட்டுவது காற்றை நிறுத்துவதும், மேலும் சூடேறாமல் பார்ப்பதுமே. தீ சட்டிக்குள் மட்டும் இருக்கும்வரைதான் பின்வருபவை பொருந்தும்.

1. அடுப்பை அணைக்க வேண்டும். தீயின் மேலாகக் கையை நீட்டாமல் திருகு எட்டினால் அதைத் திருப்பலாம். எட்டாவிட்டால் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடலாம். இரண்டும் முடியாதபோது முதலில் மூடியைப் போட்டுவிட்டுப் பிறகு அணைக்கலாம். ஆனால் அணைக்காமல் விடக்கூடாது, ஏனெனில் மூடியின் கீழும் எண்ணெய் சூடேறிக்கொண்டேதான் இருக்கும்.

2. சட்டியை மூட வேண்டும். சட்டியின் வாயைவிட அகலமான உலோக மூடியோ எவர்சில்வர் தாம்பாளமோ போதும். அதைக் கேடயம்போல முகத்துக்கு முன்னே பிடித்துக்கொண்டு, நம் பக்கத்து விளிம்பில் வைத்து, அப்பால் நோக்கி நகர்த்தி மூட வேண்டும். அப்போது சுடர் நம்மை விட்டு விலகும். மேலிருந்து தொப்பென்று போட்டால் எண்ணெய் தெறிக்கும். கழுவிவைத்த மூடியாக இருந்தால் ஒரு முறை உதறிவிட வேண்டும். கண்ணாடி மூடி வெடிக்கலாம், பிளாஸ்டிக் தட்டு உருகும். புடவை முந்தானையோ துப்பட்டாவோ தொங்கினால் முதலில் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

3. தொடாமல் விட வேண்டும். தவறு பெரும்பாலும் நிகழ்வது இந்தப் படியில்தான். மூடியதும் சில நொடிகளில் சுடர் அடங்கிவிடும். அணைந்ததா என்று பார்க்கத் தோன்றும். அணைந்தது சுடர் மட்டுமே, எண்ணெய் இன்னும் தானாகப் பற்றும் சூட்டிலோ அதற்கு அருகிலோ இருக்கிறது. மூடியைத் தூக்கினால் புதுக்காற்று உள்ளே போய் மீண்டும் பற்றிக்கொள்ளும், இந்த முறை எட்டிப் பார்க்கும் முகத்துக்கு நேராக. குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். கனமான இரும்புச் சட்டி அதைவிட நீண்ட நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

4. சட்டியை நகர்த்தக் கூடாது. எரியும் சட்டியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, நீர் ஊற்றுவதற்கு அடுத்த பெரிய தவறு. நடக்கும்போது எதிர்க்காற்று சுடரைத் தூக்குபவரின் மேலேயே சாய்க்கிறது. கை சுட்டதும் சட்டி நழுவுகிறது. தரையில் கொட்டிய எண்ணெய் முழுதாக எரிகிறது.

ஜல்லிக்கரண்டி சட்டிக்குள்ளேயே கிடந்து மூடி சரியாக உட்காராவிட்டாலும், கரண்டியை எடுக்க முயலாமல் மூடிவிடுவதே நல்லது. இடுக்கில் சிறிது நேரம் சுடர் எட்டிப் பார்த்தாலும், அடுப்பு அணைந்திருக்குமானால் அது மெலிந்து போகும்.

மூடி கிடைக்கவில்லை, அல்லது தீ சிம்னிக்கோ அலமாரிக்கோ திரைச்சீலைக்கோ தாவிவிட்டது என்றால், அது சட்டித் தீ அல்ல, வீட்டுத் தீ. எல்லோரையும் வெளியேற்றி, சமையலறைக் கதவைச் சாத்தி, 101 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும்.

கல்யாணச் சமையலிலும், நெடுஞ்சாலையோர பஜ்ஜிக் கடைகளிலும் விறகடுப்பு இருந்தால் திருகிட ஒன்றும் இல்லை. அங்கே மூடியை முதலில் போட்டு, பிறகு கொள்ளிகளைத் தூரத்திலிருந்து இழுத்துவிட வேண்டும். எரியும் சட்டிக்கு அடியிலிருக்கும் கொள்ளியின் மீது நீர் ஊற்றுவதும் கூடாது, தெறிப்பது எண்ணெயில் விழலாம். பெரிய கொப்பரையை ஏற்றும் முன்பே, அதை முழுதாக மூடும் தகர மூடி ஒன்றைப் பக்கத்தில் சாய்த்து வைப்பதற்கு ஈடான ஏற்பாடு வேறில்லை. மணல் வாளியை நம்புகிறவர்கள், அது காய்ந்த மணலா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே பனியிலும் மழையிலும் கிடந்த மணலில் இருப்பதும் நீர்தான்.

கைக்கு அகப்படும் மற்றவை

மைதா, கடலை மாவு, சர்க்கரை இவற்றைத் தூவக் கூடாது. இவையே எரிபொருள்கள், காற்றில் தூளாகப் பறக்கும் மாவு, எண்ணெய்த் துளிகளைப் போலவே நொடியில் பற்றும். சமையல் சோடா சூட்டில் கரியமில வாயுவை வெளியிடுவதால் சுடரை அடக்கும். ஆனால் தோசைக்கல்லில் வழிந்த சிறு எண்ணெய்த் தீக்கு அரை டப்பா போட்டால் பலனுண்டு, நிறைந்த வடைச்சட்டிக்கு வீட்டிலிருக்கும் ஒரு பொட்டலம் எட்டாது. உப்பும் அப்படியே. பேக்கிங் பவுடர் சோடாவைப் போலத் தோன்றினாலும் அதில் மாவுப்பொருள் கலந்திருக்கிறது.

கடைகளில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பான்களிலும் வேறுபாடு உண்டு. பொதுவாகக் காணப்படும் ஏ.பி.சி. உலர்பொடி வகை சுடரை வீழ்த்தும், ஆனால் எண்ணெயைக் குளிர்விக்காது. பொடி படிந்ததும் தீ திரும்ப எழலாம். கரியமில வாயு வகையின் வீச்சு, அருகிலிருந்து அடித்தால் எண்ணெயையே சட்டியிலிருந்து தள்ளிவிடும். சமையல் எண்ணெய்த் தீக்கென்றே உள்ளது 'எஃப்' வகை. அமெரிக்க வழக்கில் அதற்கு 'கே' என்று பெயர். அதில் இருப்பது பொட்டாசியம் உப்புகள் கரைந்த காரக் கரைசல். அது மெல்லிய தூவலாக விழுந்து, சூடான எண்ணெயோடு வினைபுரிந்து, மேற்பரப்பில் சோப்பு நுரையாக மாறி மூடிக்கொள்கிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாவது சோப்பு காய்ச்சுபவர்கள் அறிந்த வேதியியல்தான். இங்கே அந்த நுரையே மூடியாகிறது. தினமும் கொப்பரை வைக்கும் பலகாரக் கடைக்கு இந்த வகை அவசியம் என்பேன். வீட்டுக்குத் தாம்பாளமே போதும்.

நீருக்கு உரிய இடம்

எண்ணெய் தெறித்துக் கையோ முகமோ வெந்திருந்தால், அங்கே நீர்தான் முதல் மருந்து. குழாயைத் திறந்து, ஓடும் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். வளையல், மோதிரங்களை வீங்குமுன் கழற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. பேனா மை, பற்பசை, மாவு, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். முகம், கை, மூட்டு வெந்திருந்தாலும், கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், குழந்தைக்கோ முதியவருக்கோ பட்டிருந்தாலும் 108 வண்டியை அழைக்க வேண்டும்.

சட்டி கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகே மூடியை எடுக்கலாம். ஒரு முறை பற்றி எரிந்த எண்ணெயை வடிகட்டி மறுபடி பயன்படுத்தக் கூடாது. அது முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைந்து பற்றும். அடுப்பை மறுபடி மூட்டுவதற்கு முன், சட்டிக்குப் பின்னால் போகும் ரப்பர் குழாயில் சூடுபட்டு இளகிய இடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, இருந்தால் குழாயை மாற்றிய பிறகே ரெகுலேட்டரைத் திறக்க வேண்டும்.